எங்கள் கடைப் பெயரில் இன்னொரு பக்கம்

கறித்தூள், ஒடியல்மா, வடகம், மோர்மிளகாய் என்று வீட்டில் இருந்தபடியே செய்து விற்கின்ற எமது சகோதரிகளில் பலர், இன்று முகநூலில் ஒரு பக்கத்தைத் திறந்து அதன் மூலமே வாடிக்கையாளரைத் தேடிக்கொள்கின்றனர். சந்தையில் இடம் பிடிக்கத் தேவையில்லை. கடை வாடகை இல்லை. ஒரு படம் போட்டால் கொழும்பில் இருப்பவரும் பார்க்கிறார், கனடாவில் இருப்பவரும் பார்க்கிறார். ஆனால் அதே பெயரில், அதே படங்களோடு வேறொருவரும் ஒரு பக்கத்தைத் திறந்து, எமது வாடிக்கையாளரிடம் காசு வாங்கிக்கொண்டு மறைந்துவிட முடியும். அப்படி நடக்கும்போது கடைக்காரப் பெண் முதலில் செய்யக்கூடியது, தனது பக்கத்தில் நாலு வரி எச்சரிக்கை போடுவதுதான். அந்த நாலு வரியை எப்படி எழுதினால் பயன் உண்டு என்பதை, நான் பணியாற்றும் பகுதியில் உள்ள ஒரு சகோதரிக்கு நடந்ததைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

அவர் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகளோடு வாழ்கிறார். அவரின் பெயரையும் கடையின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. கடைக்கு அவர் வைத்திருப்பது, 2009ஆம் ஆண்டு காணாமற்போன தனது மூத்த மகனின் பெயர். தூள் பைக்கற்றில் ஒட்டும் லேபிளில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு இளைய மகள் திறந்து கொடுத்த முகநூல் பக்கத்துக்கும் அதே பெயர்தான்.

முதல் அறிகுறி

2024ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு மூன்று கிழமை இருக்கும்போது வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாடிக்கையாளர் அவருக்குத் தொலைபேசி எடுத்தார். "காசு போட்டு அஞ்சு நாளாச்சு, இன்னும் பார்சல் வரேல்லையே அக்கா" என்றார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியொரு ஓடர் அவரிடம் வரவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். அதிலும் இல்லை.

வாடிக்கையாளர் தனது தொலைபேசியில் தெரிந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினார். கடையின் பெயர் சரி. முகப்புப் படம் சரி. சுளகில் பரப்பிய மிளகாயும், அதைக் கிளறுகின்ற மகளின் கையும்கூட அவர்களுடைய படம்தான். ஆனால் வறுத்த கறித்தூள் கிலோ 1,500 ரூபா என்று போட்டிருந்தது. அக்கா அப்போது விற்றது 2,200 ரூபாவுக்கு. "புத்தாண்டு விலைக்கழிவு, இன்னும் மூன்று நாள் மட்டும்" என்று கீழே எழுதியிருந்தது. காசு போடச் சொல்லியிருந்த வங்கிக் கணக்கு, அக்கா கேள்விப்பட்டே இராத ஓர் ஆணின் பெயரில் இருந்தது.

அக்கா உடனே தன் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. மகள் தன் தொலைபேசியில் தேடினாள், அதிலும் இல்லை. "அப்ப அழிச்சுப்போட்டாங்கள் போல" என்று இருவரும் ஆறுதலடைந்தார்கள். அடுத்த நாள் நான் போனபோது என் தொலைபேசியில் தேடினேன். பக்கம் அப்படியே இருந்தது. பெயரைத் திருடுகிறவர்கள் முதலில் செய்யும் வேலை, உண்மையான கடைக்காரரையும் அவரது குடும்பத்தவரையும் அந்தப் பக்கம் பார்க்க முடியாதபடி தடுத்து வைப்பதாகும். ஆகவே "என்ர போனில தெரியேல்லை" என்பதை வைத்துப் பக்கம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. உங்களோடு முகநூலில் தொடர்பில்லாத ஒருவரின் தொலைபேசியில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு பக்கம் எப்படி வரும்?

பலர் கேட்கும் கேள்வி இது. முகநூலில் ஒரு பக்கத்துக்கு வைக்கும் பெயர் யாருக்கும் தனியுரிமை இல்லை. ஒரே பெயரில் பத்துப் பக்கங்கள் இருக்கலாம். நமது கிராமத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது போலத்தான். வேறாக இருப்பது அந்தப் பக்கத்தின் முகவரி. `facebook.com/` என்பதற்குப் பின்னால் ஆங்கில எழுத்தில் வருகின்ற பயனர்பெயர் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். சில பக்கங்களுக்குப் பயனர்பெயருக்குப் பதிலாக ஒரு நீண்ட இலக்கம் இருக்கும். அக்காவின் பக்கத்துப் பயனர்பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டித்தான் போலிப் பக்கம் தன் முகவரியை வைத்திருந்தது. பெயரைத் தமிழில் வாசித்துவிட்டு உள்ளே போகிறவர் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்க மாட்டார்.

இரண்டு பக்கத்தையும் பிரித்தறிய இன்னொரு வழி உண்டு. பக்கத்தின் விபரங்கள் உள்ள இடத்தில் `Page transparency` என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்கப்பட்ட திகதியும், முன்பு வேறு பெயர் இருந்திருந்தால் அதுவும் தெரியும். அக்காவின் பக்கம் 2019இல் திறக்கப்பட்டது. மற்றது திறக்கப்பட்டு 19 நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் பழைய திகதி இருந்தால் உண்மையான பக்கம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. வேறு எதற்கோ திறந்த பழைய பக்கத்தின் பெயரை மாற்றியும் ஏமாற்றுகிறார்கள். அதனால்தான் முன்னைய பெயர்களையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

போலிப் பக்கத்துக்கு வாடிக்கையாளர் எப்படிக் கிடைத்தார்கள் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அக்காவின் பக்கத்தில் "விலை என்ன?", "கொழும்புக்கு அனுப்புவீங்களா?" என்று கருத்துப் பகுதியில் கேட்டவர்களின் பெயர்களைப் பார்த்து, அவர்களுக்கே போலிப் பக்கத்திலிருந்து தனிப்பட மெசேஜ் போயிருந்தது. கேட்டவருக்குக் கடையின் பெயரில் பதில் வந்ததால் சந்தேகம் வரவில்லை.

கோபத்தில் எழுதிய முதல் பதிவு

நான் போவதற்கு முன்பே அக்கா ஓர் எச்சரிக்கையைப் போட்டிருந்தார். அது இப்படி இருந்தது:

"கவனம்! கவனம்! எங்கட கடைப் பேரில கள்ளப் பக்கம் ஒண்டு ஓடுது. ஒருத்தரும் ஏமாற வேண்டாம். இது ஆர் செய்த வேலை எண்டு எங்களுக்குத் தெரியும். கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் பகிருங்கோ."

அதன் கீழே வெள்ளவத்தை வாடிக்கையாளர் அனுப்பிக் கொடுத்த போலிப் பக்கத்தின் முகவரியையும் ஒட்டியிருந்தார்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பதிவை வாசிக்கும் வாடிக்கையாளரின் இடத்தில் இருந்து பாருங்கள். கள்ளப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிறது. தான் இப்போது வாசித்துக்கொண்டிருப்பது கள்ளப் பக்கமா, நல்ல பக்கமா என்று தெரியவில்லை. எதைப் பார்த்துப் பிரித்தறிவது என்றும் சொல்லப்படவில்லை. கீழே உள்ள முகவரியைத் தொட்டால் அவர் நேரே போலிக் கடைக்குள் போய் நிற்பார். அங்கே கிலோ 1,500 ரூபா என்று இருக்கிறது. எச்சரிக்கையை மேலோட்டமாக வாசித்தவர் அதையே கடையின் புது முகவரி என்று எண்ணவும் கூடும்.

மற்றது, "ஆர் செய்த வேலை எண்டு எங்களுக்குத் தெரியும்" என்ற வரி. இரண்டு ஒழுங்கை தள்ளித் தூள் இடித்து விற்கும் இன்னொரு பெண்ணைத்தான் அக்கா மனதில் வைத்திருந்தார். பெயர் போடாவிட்டாலும் ஊருக்குள் எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பெண் அழுதுகொண்டு மாதர் சங்கத் தலைவியிடம் போனாள். அவள்மீது சந்தேகப்பட அக்காவிடம் ஒரு சான்றும் இருக்கவில்லை. வங்கிக் கணக்கில் இருந்த ஆணின் பெயரைக்கூட நாம் பகிரங்கமாகப் போடக் கூடாது. தம் கணக்கை இன்னொருவருக்கு இரவல் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அந்தப் பெயர் பொலிசுக்கும் வங்கிக்கும் கொடுக்க வேண்டிய தகவல். பொதுவில் போட்டால் அவதூறு என்று நம்மேலேயே வழக்கு வரலாம்.

அக்காவிடம் இதை எடுத்துச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தங்கச்சி, எனக்குக் காசு போனாலும் பரவாயில்லை. அவன்ர பேரைச் சொல்லி ஒருத்தரும் சனத்தை ஏமாத்தக் கூடாது" என்றார். கடைப் பெயரை மாற்றிவிடும்படி சிலர் அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. வியாபார ரீதியாகப் பார்த்தாலும் அவர் செய்ததே சரி. உண்மையானவர் பெயரை மாற்றினால் அந்தப் பெயருக்குப் பிறகு போலி மட்டுமே சொந்தக்காரனாக நிற்கும்.

திருத்தி எழுதிய பதிவு

முதலில் பழைய பதிவை எடுத்துவிட்டோம். பிறகு மூவரும் இருந்து புதிதாக எழுதினோம். மகள் தட்டச்சுச் செய்தாள்.

"எங்கள் கடையின் பெயரையும் படங்களையும் போட்டு இன்னொரு முகநூல் பக்கம் மார்ச் மாதம் முதல் இயங்குகிறது. அது எங்களுடையது அல்ல.

எங்களுக்கு ஒரேயொரு தொலைபேசி இலக்கம்தான் இருக்கிறது. நீங்கள் முன்பு வாங்கிய பைக்கற்றின் லேபிளில் அது உள்ளது. காசு அனுப்ப முன் அந்த இலக்கத்துக்கு எடுத்து எங்களோடு பேசுங்கள்.

எங்கள் வங்கிக் கணக்கு என்னுடைய பெயரில் மட்டுமே உள்ளது. வேறு பெயருக்குக் காசு போட வேண்டாம். நாங்கள் விலைக்கழிவு எதுவும் அறிவிக்கவில்லை.

ஏற்கெனவே காசு போட்டவர்கள் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்துக்கொண்டு, உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள்."

கடைசியில் அன்றைய திகதியையும் போட்டோம். பதிவைப் பக்கத்தின் உச்சியில் நிலையாக நிற்கும்படி வைத்தோம். சிங்களத்தில் பேசும் வாடிக்கையாளரும் இருந்ததால், தெரிந்த ஓர் ஆசிரியையிடம் கேட்டு அதையே சிங்களத்திலும் எழுதிக் கீழே சேர்த்தோம். வட்ஸ்அப்பில் ஓடர் தருகின்ற பழைய வாடிக்கையாளர் அனைவருக்கும் அதே வசனங்களை அனுப்பினோம். போலிப் பக்கத்தின் முகவரியை எங்கும் போடவில்லை. அதன் ஸ்கிரீன்ஷொட் ஒன்றை மட்டும் எடுத்து, குறுக்கே பெரிதாக "போலி" என்று எழுதிச் சேர்த்தோம். இப்படி எழுதினால் யாராவது அந்தப் படத்தை மட்டும் தனியே பகிர்ந்தாலும் தவறாக விளங்கிக்கொள்ள வழியில்லை.

பதிவில் தொலைபேசி இலக்கத்தையே எழுதாமல், "லேபிளில் உள்ளது" என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு நாள் கழித்து அது வெளிப்பட்டது. போலிப் பக்கமும் அதே எச்சரிக்கையைப் போட்டது! "எங்கள் கடையின் பெயரில் இன்னொரு பக்கம் இயங்குகிறது, அது எங்களுடையது அல்ல" என்று, சொல்லுக்குச் சொல் அப்படியே. இலக்கத்தை நாங்கள் பதிவில் எழுதியிருந்தால் அந்த இடத்தில் தனது இலக்கத்தைப் போட்டிருக்கும். லேபிளைப் பார்க்கச் சொன்ன வரியை மட்டும் அது விட்டுவிட்டது.

முகநூலில் போடுகிற எதையும் முகநூலிலேயே பிரதி எடுக்கலாம். பெயரைப் பிரதி எடுக்கலாம், படத்தை எடுக்கலாம், எச்சரிக்கையைக்கூட எடுக்கலாம். வாடிக்கையாளரின் குசினி அலுமாரியில் இருக்கும் பழைய பைக்கற்றை எடுக்க முடியாது. ஆகவே எச்சரிக்கைப் பதிவு வாடிக்கையாளரை முகநூலுக்கு வெளியே, அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அடையாளத்திடம் அனுப்ப வேண்டும். அது லேபிளாக இருக்கலாம், பற்றுச்சீட்டுக் கொப்பியாக இருக்கலாம், பொருளை வைத்து விற்கும் கூட்டுறவுக் கடையாக இருக்கலாம். லேபிளில் இலக்கம் அச்சடிக்காமல் விற்கின்ற சகோதரிகள் இதைக் கவனத்தில் எடுங்கள். சின்னதொரு ரப்பர் முத்திரை செய்து அடித்தாலும் போதும்.

முதல்முறை வாங்குகிறவரிடம் பைக்கற் இருக்காது. அவர்களுக்காக அக்கா ஒரு சிறு காணொளி எடுத்துப் போட்டார். முகத்தைக் காட்ட அவர் விரும்பவில்லை. தூள் இடிக்கும் இடமும், லேபிள் ஒட்டும் தன் கையும், அவரின் குரலும் மட்டும் அதில் இருந்தன. யாரும் எடுத்துக் கேட்டால் தொலைபேசியில் நேரே பேசினார். போலிப் பக்கத்துக்குத் தொலைபேசி எடுத்த எவருக்கும் பதில் கிடைக்கவில்லை. "இப்ப பிசி, மெசேஜில சொல்லுங்கோ" என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுத்தில் பதில் வந்தது. பேச மறுக்கும் கடைக்குக் காசு அனுப்பக் கூடாது.

பக்கத்தை நீக்கச் செய்வது

எச்சரிக்கை போட்டதோடு வேலை முடியவில்லை. முகநூலுக்கு முறைப்பாடு செய்து போலிப் பக்கத்தை நீக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் சான்றுகளை எடுத்து வைக்க வேண்டும். பக்கம் நீங்கிய பிறகு அதில் இருந்த எதையும் காட்ட முடியாது. பக்கத்தின் முகவரி, திறந்த திகதி, விலைக்கழிவு விளம்பரம், காசு கேட்ட மெசேஜ், கணக்கு இலக்கம் ஆகியவற்றை எனது தொலைபேசியில் ஸ்கிரீன்ஷொட் எடுத்தோம். முகவரியை ஒரு கடதாசியிலும் எழுதி வைத்தோம்.

பிறகு போலிப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு `Report` என்பதன் மூலம், இது எமது வியாபாரத்தைப் போல நடிக்கிறது என்று அறிவித்தோம். தெரிந்த எல்லோரையும் அறிவிக்கச் சொன்னார் அக்கா. நாற்பது பேர் வரை செய்தார்கள். நாலாம் நாள் வந்த பதில், அந்தப் பக்கம் தங்கள் விதிகளை மீறவில்லை என்பதாக இருந்தது. எத்தனை பேர் அறிவிக்கிறார்கள் என்பதைக் கொண்டு நீக்குவதில்லை என்று முகநூல் நிறுவனமே சொல்கிறது. ஒரு சிறு கடையின் பெயர் யாருடையது என்று வெளிநாட்டில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் மாட்டாது.

அடுத்து நாம் போனது வேறு வழியில். பெயருக்கு உரிமை கோருவது கடினம். வர்த்தகக் குறியாகப் பதிவு செய்திருந்தால்தான் அந்த வழியில் வலுவாகக் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது நல்ல சான்று. ஆனால் அதுவும் வர்த்தகக் குறிப் பதிவும் ஒன்றல்ல. படங்களின் நிலைமை வேறு. நாம் எடுத்த புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்த நேரத்திலிருந்தே எடுத்தவருக்குச் சொந்தம். அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் புகைப்படங்களைப் பாதுகாக்கிறது. முகநூலின் உதவிப் பகுதியில் பதிப்புரிமை மீறலுக்கென்று தனியான முறைப்பாட்டுப் படிவம் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு முகவரி கொடுக்க வேண்டும். நாம் முதலில் போட்ட படத்தின் முகவரி ஒன்று, திருடிப் போட்ட படத்தின் முகவரி மற்றது.

படங்களை எடுத்தவள் மகள் என்பதால் அவளின் பெயரிலேயே படிவத்தை நிரப்பினோம். சுளகில் மிளகாய், உரலில் தூள், வெயிலில் வடகம் என்று ஏழு படங்களைக் காட்டினோம். ஆறாம் நாள் அந்தப் படங்கள் நீக்கப்பட்டன. அதற்கு இரண்டு நாள் கழித்துப் பக்கமும் காணாமல் போயிற்று.

இதில் ஒரு விடயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமை முறைப்பாட்டில் நாம் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படலாம். தனியே வாழும் பெண்கள் இதை யோசிக்க வேண்டும். நாங்கள் கடைக்கென்று ஒரு புதிய மின்னஞ்சல் திறந்து அதையே கொடுத்தோம். வீட்டு விலாசமோ மகளின் சொந்த மின்னஞ்சலோ போகவில்லை.

உங்கள் படம் வேறு யாரோ எடுத்ததாக இருந்தால், அல்லது நீங்களே இணையத்தில் இருந்து எடுத்துப் போட்டதாக இருந்தால், இந்த வழி உங்களுக்கு உதவாது. உங்கள் பொருளை உங்கள் கையாலேயே படம் எடுத்துப் போடுவது நல்லது. எடுத்த மூலப்படத்தைத் தொலைபேசியில் இருந்து அழிக்காமல் வைத்திருங்கள்.

காசு இழந்தவர்கள்

மொத்தம் மூன்று பேர் காசு போட்டிருந்தார்கள். வெள்ளவத்தையில் இருந்தவர் இரண்டு கிலோவுக்கு 3,000 ரூபா. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியை மூன்று கிலோவுக்கு 4,500 ரூபா. ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பெண், இங்குள்ள தன் தாயார் வீட்டுக்கும் சகோதரங்களுக்கும் என்று எட்டுக் கிலோவுக்கு 12,000 ரூபா. எல்லாமாக 19,500 ரூபா. வெளிநாட்டில் இருப்பவர் நேரே வந்து பார்க்க முடியாது என்பதால் அவர்களிடம்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

மூவரும் அக்காவிடமே கேட்டார்கள். பொருளை இலவசமாக அனுப்பிவிடுவோமா என்று அக்கா யோசித்தார். பதின்மூன்று கிலோ தூள் அனுப்பினால் அவரின் ஒரு மாத உழைப்பு போய்விடும். நாளை நாலாவது ஆளும் ஐந்தாவது ஆளும் வரலாம். வாங்காத காசுக்கு அவர் பொறுப்பு இல்லை. ஆனால் அவர் செய்யக்கூடிய உதவி இருந்தது. அந்தப் பக்கம் தன்னுடையது அல்ல என்றும், அந்தக் கணக்குத் தனக்குத் தெரியாது என்றும் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு, ஸ்கிரீன்ஷொட்களோடு மூவருக்கும் அனுப்பினார். அவர்கள் அதை வங்கிக்கும் பொலிசுக்கும் கொடுக்கலாம்.

முறைப்பாடு செய்ய வேண்டியவர் காசை இழந்தவர்தான். அவர் முதலில் தனது வங்கிக்கு அறிவிக்க வேண்டும். அன்றே அறிவித்தால் காசு அந்தக் கணக்கில் இருக்கும்போதே தடுத்து வைக்க ஒரு வாய்ப்பு உண்டு. எடுத்துவிட்ட பிறகு மிகவும் கடினம். எங்கள் மூவரும் அறிவித்தபோது நாட்கள் கடந்திருந்தன. அந்தக் காசு திரும்பவில்லை.

பெயர் திருடப்பட்டதற்கு அக்காவும் தனியாகப் பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாடு செய்தார். நாளைக்கு ஏமாந்த ஒருவர் அக்காமேலேயே முறைப்பாடு கொடுத்தால் காட்ட ஒரு சான்று வேண்டும் அல்லவா? அங்கே போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதிய கடதாசியில், வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தாமல் கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அக்காவுக்கு அந்த இலக்கம் கிடைத்த பிறகு, ரொறன்ரோப் பெண்ணின் சகோதரன் வந்து சத்தம் போட்டபோது எடுத்துக் காட்ட முடிந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டு அமைதியாகப் போனார்.

வாங்குகிறவராக நாம்

விற்கின்ற நாமே வாங்குகிறவர்களும்தான். நம்மில் பலர் இப்போது பிள்ளைகளின் சட்டையையும் பாத்திரங்களையும் முகநூலில் பார்த்துத்தான் வாங்குகிறோம். காசு போட முன் கடைக்குத் தொலைபேசி எடுத்துப் பேசுங்கள். கணக்குப் பெயர் கடைக்காரரின் பெயரா என்று கேளுங்கள். வங்கியில் நேரே போய்ப் போடுவதானால், அந்த இலக்கத்துக்கு உரிய பெயரைக் கருமபீடத்தில் கேட்டு உறுதிப்படுத்திய பின் காசைக் கொடுங்கள். பொருள் கையில் கிடைத்த பின் காசு கொடுக்கும் முறை ஓரளவு பாதுகாப்பானது. ஆனாலும் பார்சலைப் பிரித்துப் பார்க்க விடாமல் காசு வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. உள்ளே வேறு ஏதோ குப்பை இருந்த சந்தர்ப்பங்களையும் நான் கண்டிருக்கிறேன். எனவே அந்த முறையிலும் கடையோடு பேசி உறுதிப்படுத்துவதை விட வேண்டாம்.

அக்காவின் பக்கத்தில் அந்த எச்சரிக்கைப் பதிவு அதன் பிறகும் உச்சியிலேயே நின்றது. 2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் அதே கடைப் பெயரில், அதே சுளகுப் படத்தோடு மறுபடி ஒரு பக்கம் வந்தது. இந்த முறை அக்காவுக்கு அதைச் சொன்னவர்கள் வாடிக்கையாளர்கள்தான். இரண்டு பேர் லேபிளைப் பார்த்துத் தொலைபேசி எடுத்து, "அக்கா, இது நீங்களோ?" என்று கேட்டார்கள். ஒருவரும் காசு போட்டிருக்கவில்லை. மகள் அன்றிரவே பழைய ஸ்கிரீன்ஷொட்களை எடுத்து வைத்துக்கொண்டு பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பினாள். அக்கா எச்சரிக்கையில் திகதியை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்த நாளைக்கு இடிக்க வேண்டிய மல்லியைக் காயப் போட்டார்.